குடலுக்குப் பிளஷிங் போட்டவர்

மீசை முளைத்த கையோடு போர்வெல் போடும் ரிக் வண்டியில் ஏறிய கண்ணுசாமி, மீசை நரைத்த பிறகுதான் இறங்கினார். திருச்செங்கோட்டில் இது ஒன்றும் அதிசயமில்லை. வீட்டுக்கு ஓர் ஆளாவது ஆந்திராவிலோ சத்தீஸ்கரிலோ ராஜஸ்தானிலோ பாறையைத் துளைத்துக்கொண்டிருப்பான். பொங்கலுக்கு வருவான், ஆடிக்கு வருவான், பிள்ளை பிறந்தால் போனில் கேட்டுக்கொள்வான். கண்ணுசாமியும் அப்படித்தான் குடும்பம் நடத்தினார். நடத்தியது பாவாயி; பணம் அனுப்பியது அவர்.

இறங்கி வந்தவர் கட்டிலில் கால் நீட்டிப் படுத்தாரா என்றால், அதுதான் இல்லை. கை சும்மா இருக்காத மனுசன். பழைய கம்ப்ரசர் லாரி ஒன்றைப் பிடித்துச் சுற்றுவட்டத் தோட்டங்களில் போர்வெல்லுக்குப் பிளஷிங் போட ஆரம்பித்தார். நாள்பட்ட போர்வெல்லில் அடியில் மண்ணும் சேறும் படிந்து ஊற்றுக்கண் அடைத்துப்போகும். குழாயை அடிவரைக்கும் இறக்கிக் காற்றை அடித்தால் அத்தனை சகதியும் தென்னை உயரத்துக்குப் பீய்ச்சிக்கொண்டு வெளியே வரும். அதன்பின் தண்ணீர் பளிங்காக வரும். அந்தக் காட்சியைப் பார்க்கும்போது கண்ணுசாமிக்கு ஏற்படும் ஆனந்தம் இருக்கிறதே, பேரப்பிள்ளை பிறந்த அன்றைக்குக்கூட அவர் முகம் அப்படி மலரவில்லை என்று பாவாயி சொல்வாள்.

உடம்பு என்று பார்த்தால் ஒரு குறையும் கிடையாது. காலையில் டீ உள்ளே போனதும் எழுந்து போவார், வருவார், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பாவாயிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள். சிரமமில்லை, முக்கல் முனகல் இல்லை, அவள் பிறந்ததிலிருந்தே அப்படித்தான். ரத்தக்கொதிப்புக்கு மட்டும் தினமும் காலையில் ஒரு மாத்திரை போடுவாள். இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த இரண்டு பேருடைய வயிற்றையும் கெடுப்பதற்கென்றே ஒரு நாள் விடிந்தது.

பக்கத்துத் தெரு கல்யாண மண்டபத்தில் ‘கழிவு நீக்க முகாம்’ என்று பேனர் கட்டியிருந்தார்கள். பக்கத்து வீட்டு வெங்கடாசலம்தான் கூட்டிப்போனார். விசைத்தறியை மகனிடம் விட்டுவிட்டுப் பொழுது போகாமல் இருந்தவர். மதியச் சாப்பாடு உண்டு என்று கேள்விப்பட்டுத்தான் இரண்டு பேரும் போனார்கள், பொய் சொல்வானேன். சாப்பாடு என்று முளைகட்டிய பயறும் அரை வாழைப்பழமும் வைத்தார்கள். அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும்!

மேடையில் நின்றவர் பெயர் முருகானந்தம். வெள்ளை ஜிப்பா, நெற்றியில் திருநீறு, குரலில் தேன். முன்பு வீட்டுக்கு வீடு தண்ணீர் வடிகட்டும் மிஷின் விற்றுக்கொண்டிருந்தவர். குழாய்க்குள் அழுக்கு என்று பயமுறுத்தி விற்ற வாய், இப்போது குடலுக்குள் அழுக்கு என்று விற்றது. அவ்வளவுதான் முன்னேற்றம்.

“உங்க ஒவ்வொருத்தர் குடல்லயும் கிலோக் கணக்குல பழைய மலம் ஒட்டீட்டு இருக்குதுங்க. சின்ன வயசுல தின்னது இன்னும் சொவத்துல காஞ்சு கெடக்குது. சர்க்கரை, மூட்டுவலி, முடி கொட்டறது, எல்லாத்துக்கும் அதுதானுங்க காரணம். குடலைக் கழுவாதவன் குளிச்சு என்னுங்க பிரயோஜனம்?”

மண்டபத்தில் பாதிப் பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கண்ணுசாமி சிரிக்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தார். இத்தனை வருசமாக எத்தனை போர்வெல் பார்த்திருப்பார்! சேறு படியாத போர் ஒன்று உண்டா? மண்ணில் போட்ட குழிக்கே இந்தக் கதி என்றால், தின்றதையெல்லாம் வாங்கிக்கொள்ளும் குடல் என்ன கதியில் கிடக்கும்? அவருக்கு அடிவயிற்றில் சேறு புரள்வது மாதிரியே இருந்தது.

“வெங்கடாசலம், நம்மளுக்கு யாருமே பிளஷிங் போடலியே!” என்றார், நிஜமான கவலையோடு.

பை நிறைய வாங்கிக்கொண்டு வந்தார். ராத்திரி குடிக்கும் ‘தூய்மைத் தேநீர்’, வெறும் வயிற்றில் கலக்கிக் குடிக்கும் ‘நச்சு உறிஞ்சும் பொடி’, அப்புறம் குழாய் வைத்த எனிமா டப்பா. குளியலறை ஆணியில் அதை மாட்டிவைத்ததைப் பார்த்துப் பாவாயி, “இதென்னுங்க, குளுக்கோஸ் பாட்டலாட்டம்?” என்று கேட்டாள். விளக்கினார். அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

“ஏனுங்க, உங்களுக்குத்தான் காத்தாலயே எல்லாம் நல்லாப் போவுதே. அப்பறம் எதுக்குங்க இந்தக் கருமம்?”

“போறது மேலாப்ல இருக்கற தண்ணி, புள்ள. அடியில இருக்கற சேறு அப்படியேதான் கெடக்கும். தொழில் தெரியாம பேசாத.”

தொழில் தெரிந்தவர் தொழிலில் இறங்கினார். ஒருக்களித்துப் படுப்பதும், குழாயை இறக்குவதும், “எறங்குது, எறங்குது, மெதுவா” என்று தனக்குத்தானே சத்தம் கொடுப்பதும், பிறகு பாய்ந்து எழுந்து ஓடுவதுமாகக் குளியலறை ரிக் சைட் ஆகிவிட்டது. ஒருநாள் காப்பியில் எனிமா எடுத்தால் கல்லீரல் சுத்தமாகும் என்று முருகானந்தம் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார். பாவாயி தனக்கென்று போட்டு வைத்திருந்த டிகாக்சனைக் காணோம்.

“எங்கீங்க என்ற காப்பி?” என்றாள். குளியலறையிலிருந்து பதில் வந்தது. பாவாயி தலையில் அடித்துக்கொண்டாள். “காப்பியை எந்த வழியா ஊத்தறதுங்கற முறைகூட மறந்துபோச்சாடா சாமி!”

தேநீர் வேலை செய்தது. அதை மறுக்கவே முடியாது. ராத்திரி குடித்தால் காலையில் வயிறு பிசைந்துகொண்டு ஓட்டம் எடுக்கும். எலச்சிபாளையத்துப் பக்கம் ஒரு தோட்டத்தில் கம்ப்ரசரைப் போட்டுவிட்டு நின்றவர், போர்வெல்லிலிருந்து சேறு கிளம்புகிற அதே நேரத்தில் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு சோளக்காட்டுக்குள் ஓடினார். தோட்டக்காரர் குழாயையும் சோளத்தட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார், வாய்விட்டு ஒன்றும் கேட்கவில்லை. கொங்கு மரியாதை என்பது அதுதான்.

கண்ணுசாமிக்கு இதில் வெட்கமே இல்லை. போவதெல்லாம் சேறு என்று எண்ணினார். சரக்கு வருகிறது என்றால் அடைப்பு இருந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? பொடியை மூன்று வேளையாகக் கூட்டிக் குடித்தார், சோற்றைக் குறைத்தார். ஒரு வாரம் போனதும் வந்தது ஒரு வஸ்து. சாம்பலும் பழுப்புமாக, ரப்பர் மாதிரி இழுபட்டுக்கொண்டு, கயிறு கயிறாக. அவர் அலறினார். பாவாயி ஏதோ பாம்புதான் புகுந்துவிட்டதென்று துடைப்பத்தோடு ஓடி வந்தாள். கதவைத் திறந்தவர் முகத்தில் மாப்பிள்ளைக் களை.

“வந்துருச்சு புள்ள! சொவத்துல ஒட்டீட்டு இருந்தது கழண்டு வந்துருச்சு!”

போட்டோ எடுத்து ‘தூய குடல் குடும்பம்’ என்ற வாட்ஸ்அப் குழுவில் போட்டார். கும்பிடு, கைதட்டல், பூங்கொத்து எல்லாம் வந்து குவிந்தன. ‘இது உங்கள் இளமைக் காலக் கழிவு அய்யா’ என்று முருகானந்தம் எழுதினார். அன்றிலிருந்து கண்ணுசாமி அதற்கு வயசு கணக்கிட ஆரம்பித்தார். பாறைத் துகளின் நிறத்தைப் பார்த்து எத்தனையாவது அடியில் என்ன இருக்கிறது என்று சொல்லும் தொழில் அல்லவா! “இந்தப் பழுப்பு சத்தீஸ்கர்ல தின்ன ரொட்டி. இது ராஜஸ்தான்ல ஓட்டல் வெச்சிருந்த பாவி போட்ட டால்டா” என்று வெங்கடாசலத்திடம் போட்டோவைப் பெரிதாக்கிக் காட்டினார். வெங்கடாசலம் அன்றைக்குச் சாப்பிடவில்லை. ஆனால் அவரும் ஒரு பை வாங்கினார். கண்ணுசாமியின் பேச்சைக் கேட்டுத் தெருவில் இன்னும் நாலைந்து பேர் பை வாங்கிக் குழுவில் சேர்ந்தார்கள்.

இத்தோடு நின்றிருந்தால் இது வெறும் வேடிக்கைக் கதை. மனுசன் தன் குடலோடு நிறுத்திக்கொள்ளவில்லை.

ஒருநாள் விட்டு ஒருநாள் போகிற பாவாயி அவர் கண்ணில் பட்டாள். நாளுக்கு ஒருமுறை போன தனக்கே இவ்வளவு தேங்கியிருந்தது என்றால் இவளுக்குள் எத்தனை தேங்கியிருக்கும்! எனிமா டப்பாவைப் பற்றிப் பேச்சு எடுத்ததும் அவள் அரிவாள்மனையைக் கையில் எடுத்ததால் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. தேநீராவது குடிக்கட்டும் என்று சாயந்திரம் தானே அடுப்படிக்குப் போய்க் கொதிக்கவைத்து, வடிகட்டி, ஆற்றி, டம்ளரில் கொண்டுவந்து நீட்டினார். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் டம்ளரையும் அவரையும் பார்த்தாள். வாங்கிக் குடித்துவிட்டாள். மறுநாளும் குடித்தாள். அதற்கடுத்த நாளும் ஒரு வார்த்தை பேசாமல் குடித்தாள். சரி, ஒருவழியாகப் புத்தி வந்துவிட்டது என்று கண்ணுசாமி நினைத்துக்கொண்டார்.

அவளுக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. பிறகு கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. சோற்றுப் பானையை இறக்க முடியாமல் கை நடுங்கியது. மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துகொண்டாள். “தொடையில வலுவே இல்லீங்க, துணி மாதிரித் தொவளுது” என்றாள். கண்ணுசாமி முருகானந்தத்துக்குப் போன் போட்டார்.

“நல்ல அறிகுறிங்க அய்யா! நச்சு வெளியேறும்போது உடம்பு தளரும். பயந்துக்கிட்டு நிறுத்தீராதீங்க. காலையிலயும் ஒரு டம்ளர் சேத்திக் குடுங்க.”

சேர்த்துக் கொடுத்தார். படுபாவி மனுசன், தன் கையாலேயே சேர்த்துக் கொடுத்தார்!

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பாவாயி தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் குந்தித் துணி துவைத்துக்கொண்டிருந்தவள், எழப் பார்த்தாள். கால் எழவில்லை. கையை ஊன்றினாள், கையும் மடங்கியது. அப்படியே சரிந்துவிட்டாள். “ஏனுங்க, நெஞ்சு படபடங்குதுங்க” என்று அவள் சொன்ன குரல் அவர் அதுவரைக்கும் கேட்காத குரல். கண்ணுசாமிக்கு உலகமே நின்றுபோனது. ஆட்டோவுக்குப் போன் போடவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அவளை வாரித் தூக்கிக் கம்ப்ரசர் லாரியின் முன்சீட்டில் உட்காரவைத்து, வெங்கடாசலத்தை ஒரு பக்கம் பிடித்துக்கொள்ளச் சொல்லி, ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் ஓட்டினார். வழியெல்லாம் “பாவாயி, பாவாயி” என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தார். அவளில்லாமல் தன்னால் ஒருநாள்கூட முடியாது என்பது அப்போதுதான் மனுசனுக்கு உறைத்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் மோகனப்பிரியா அன்றைக்கு வார்டில் இருந்தார். இளம் வயது, வேகமான பேச்சு. ஈசிஜி எடுத்தார், ரத்தம் எடுத்தார், ரிப்போர்ட் வந்ததும் நர்சைக் கூப்பிட்டுக் சலைன் பாட்டிலில் மருந்து கலந்து மெதுவாக ஏற்றச் சொன்னார். பிறகு கண்ணுசாமியைப் பார்த்தார்.

“ரத்தத்துல பொட்டாசியம் ரொம்ப எறங்கியிருக்குதுங்க. அது கொறஞ்சா தசை வேலை செய்யாது. இதயமும் தசைதானே? துடிப்பு தாறுமாறாப் போயி உசுருக்கே ஆபத்தாயிருக்கும். என்ன சாப்பிட்டாங்க?”

வெங்கடாசலம் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பையோடு வந்தார். டாக்டர் தேநீர்ப் பாக்கெட்டைத் திருப்பிப் பின்னால் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தார்.

“நிலாவரை இலை. இது பேதி மருந்துங்க அய்யா. மலச்சிக்கல் இருக்கறவங்களுக்குக் கொஞ்ச நாளைக்குக் குடுக்கறது. தெனமும் குடிச்சா தண்ணியும் உப்பும் பொட்டாசியமும் சேந்து வெளிய போயிரும். அம்மா போடற பிரஷர் மாத்திரை மூத்திரத்துல தண்ணியை வெளியேத்தற மாத்திரை. அதுலயும் பொட்டாசியம் போகும். ரெண்டு பக்கமும் ஓட்டை போட்டா தொட்டியில என்னங்க மிஞ்சும்?”

“அவளுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள்தானுங்க போகும். அடைப்புன்னு நெனச்சு...”

“அது அடைப்பே இல்லீங்க. ஒரு நாளைக்கு மூணு தடவை போறவங்களும் இருக்காங்க, வாரத்துக்கு மூணு தடவை போறவங்களும் இருக்காங்க. சிரமமில்லாமப் போச்சுன்னா அதெல்லாமே நல்ல கணக்குத்தான். திடீர்னு பழக்கம் மாறுனாலோ, ரத்தம் போனாலோ, எடை கொறஞ்சாலோ எங்ககிட்ட வரணும். மண்டபத்துக்கு இல்ல.”

கண்ணுசாமி கடைசியாக ஒரு பிடியைப் பிடித்துப் பார்த்தார். “ஆனா சேறு படியுங்களே டாக்டரம்மா. முப்பது வருசமா எத்தனை போர் பாத்திருப்பேன்...”

“போர் செத்த குழிங்க அய்யா. கொடல் உசுரோட இருக்குது. பகல்லயும் ராத்திரிலயும் அதுவே சுருங்கி விரிஞ்சு, உள்ள இருக்கறதைத் தள்ளீட்டே இருக்கும். உள்சுவர்ல இருக்கற தோலு நாலஞ்சு நாள்ல உதுந்து புதுசா வந்துரும். இதுல எங்கிருந்துங்க பழசு ஒட்டும்? நச்சை வெளியேத்தறதுக்கு ஈரலும் கிட்னியும் இருக்குது. ஆபரேசனுக்கு முன்னாடி, கொடலுக்குள்ள கேமரா விட்டுப் பாக்கறதுக்கு முன்னாடி, நாங்களே காரணத்தோட சுத்தம் பண்ணுவோம். சும்மா இருக்கற கொடலை நோண்டுனா புண்ணாகும், ஓட்டைகூட விழும்.”

“அப்ப எனக்கு வந்தது?” கண்ணுசாமி செல்போனை எடுத்து அந்தப் போட்டோவை நீட்டினார். டாக்டர் அசரவில்லை. பாவம், இதைவிட மோசமானதெல்லாம் பார்த்திருப்பார். பொடி டப்பாவை அவர் கையில் கொடுத்தார். “நீங்களே படிச்சுப் பாருங்க, என்ன குடிச்சீங்கன்னு.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். இசப்கோல் உமி. அடுத்த சொல்லில் வாய் நின்றுவிட்டது. பெண்டோனைட்.

அட கடவுளே! பெண்டோனைட்டைத் தெரியாதா அவருக்கு? ஆந்திராக் கடற்கரையில் மணல் பூமியில் ரோட்டரி ரிக் வண்டி ஓட்டியபோது மூட்டை மூட்டையாகக் கரைத்து ஊற்றியவர். களிமண்! தண்ணீர் பட்டால் ஊதிப் பெருத்துப் பசையாகிப் போர்வெல்லின் சுவரில் பூசிக்கொள்ளும், மணல் சரியாமல் பிடிக்கும். சேற்றை எடுக்கப் போனவர், மூன்று வேளையும் சேற்றைக் கரைத்துக் குடித்திருக்கிறார்.

வராந்தாவுக்குப் போனார். டீக்கடை பேப்பர் டம்ளரில் தண்ணீர் பிடித்து இரண்டு கரண்டிப் பொடியைக் கொட்டிக் கலக்கிவிட்டு, பெஞ்சில் வெங்கடாசலத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து டம்ளரைக் கவிழ்த்தார். ஒழுகவில்லை, வழுக்கிக்கொண்டு விழுந்தது. சாம்பலாக, ரப்பர் மாதிரி, ஒரே கட்டியாக. குச்சியால் இழுத்தால் நீண்டது. வயிற்றுக்குள் போகாமலே வெளியே வந்த கழிவு!

வெங்கடாசலம் அதையும் போட்டோவையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்ப சத்தீஸ்கர் ரொட்டி?” என்றார்.

“மூடு வாயை.”

அங்கேயே அதைப் படம் எடுத்துக் குழுவில் போட்டார். கீழே, ‘இது ஆஸ்பத்திரி பெஞ்சு மேல வெளிக்குப் போனது. இந்த டம்ளருக்கு எத்தனை வயசுக் கழிவுன்னு சொல்லுங்க முருகானந்தம்’ என்று எழுதினார். ஐந்து நிமிசம் ஆவதற்குள் முருகானந்தம் அவரைக் குழுவிலிருந்து தூக்கிவிட்டார். சில பேர் தனியாகப் போன் போட்டார்கள். தான் சேர்த்துவிட்ட ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, குடிப்பதை நிறுத்து, காலில் வலுவில்லையென்றால் டாக்டரிடம் போ என்று சொன்னார். எல்லோரிடமும் திட்டு வாங்கினார். வாங்கவேண்டியதுதான்.

மறுநாள் சாயந்திரம் பாவாயிக்கு முகத்தில் களை திரும்பியது. எழுந்து உட்கார்ந்தாள். டாக்டர் வந்து முட்டியைத் தட்டிப் பார்த்து, கையை இறுக்கிப் பிடிக்கச் சொல்லி, சிரித்துக்கொண்டே கேட்டார்.

“ஏம்மா, அய்யாதான் ஏமாந்தாரு. நீங்க வெவரமானவங்களாத் தெரியறீங்க. உங்களுக்கும் இதுல நம்பிக்கை இருந்துச்சா?”

“அட, எனக்கென்னுங்க நம்பிக்கை! கருமம் புடிச்ச கசப்பு. இது வேண்டாத வேலைன்னு மொத நாளே தெரியுமுங்க.”

“அப்பறம் ஏன் குடிச்சீங்க?”

பாவாயி புருசன் பக்கம் திரும்பாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து இந்த மனுசன் கையால ஒரு டம்ளர் சுடுதண்ணி வாங்கிக் குடிச்சதில்லீங்க. ஊட்டுல இருந்தாத்தானே? இப்பத்தான் மொதத் தடவையா அடுப்படிக்குப் போயி, எனக்குன்னு போட்டு, ஆத்திக் கொண்டாந்து குடுத்தாரு. எப்படிங்க வேண்டாங்கறது?”

டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார். கண்ணுசாமி கட்டிலருகே நின்றார். போர்வெல்லில் எத்தனையாவது அடியில் தண்ணீர் என்று குழியின் வாயில் நின்றே சொல்லிவிடுவார், ஊரே மெச்சும். கட்டியவள் மனசில் இது இத்தனை காலமாகக் கிடந்தது அவருக்குத் தெரியவில்லை. கண்ணில் முட்டிய தண்ணீரைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

“காப்பி குடிக்கறயா?” என்றார்.

“குடிக்கலாமுங்க.”

“சக்கரை எத்தனை போடோணும்?”

பாவாயி அவரைத் திரும்பிப் பார்த்தாள். “அதுகூடத் தெரியாதுங்களா உங்களுக்கு?”

“தெரியாது புள்ள.”

“எனக்குச் சக்கரை புடிக்காதுங்க. கல்யாணத்துக்கு முன்னாடி இருந்தே வெல்லந்தான்.”

கேன்டீன்காரன் வெல்லம் இல்லை என்றான். ஆஸ்பத்திரி கேன்டீனில் எவனாவது வெல்லம் வைத்திருப்பானா? கண்ணுசாமி அவனிடம் ஒரு பாட்டம் சண்டை போட்டுவிட்டு, ரோட்டைத் தாண்டி மளிகைக்கடைக்குப் போய், வெல்லம் வாங்கிக்கொண்டு வந்து, கேன்டீன் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று தானே உடைத்துப் போட்டுக் கலக்கினார்.